காய்ச்சலில் போன லேப்

டெங்கு வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்த முதலாண்டு மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி. அவர் படுத்திருந்தபோது வேதியியல் லேபில் நீரின் கடினத்தன்மை உட்பட இரண்டு சோதனைகள் முடிந்துவிட்டன. மெடிக்கல் சர்டிபிகேட் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் நம்புகிறார். பலரும் ஏமாறுவது இங்கேதான்.

அந்தச் சான்றிதழ் காப்பாற்றுவது வருகைப் பதிவை மட்டுமே. 75 சதவீதம் இல்லாமல் 65க்குக் குறையாமல் இருந்தால், மருத்துவக் காரணம் காட்டிக் கட்டணம் கட்டித் தேர்வெழுதலாம். மதிப்பெண் வேறு கணக்கு. 2021 விதிமுறையின் கீழ் சேர்ந்தவர்களுக்குச் செய்முறைப் பாடத்தில் அகமதிப்பீட்டுக்கு 60. அதற்கான நூறில் 75 சோதனைகளுக்கும் ரெக்கார்டுக்கும், 25 தேர்வுக்கு. பத்துச் சோதனைகளில் இரண்டு விடுபட்டால், சமமாகப் பிரித்தால், நூறில் 15 போகும். அறுபதுக்கு மாற்றினால் 9.

நாம் சொல்லும் நாளில் லேபைத் திறந்துதரச் சொல்லி யாரையும் வற்புறுத்த முடியாது. ஆனால் அதே சோதனையை அடுத்த பேட்ச் செய்யும்போது சேர்ந்து செய்யக் கேட்டால் மறுப்பதற்குக் காரணம் அதிகமில்லை: கரைசல் தயாராக இருக்கும், ஆசிரியரும் இருப்பார். அதனால் கல்லூரிக்குத் திரும்பிய அன்றே கேளுங்கள். சுழற்சி முடிந்து கருவிகளை எடுத்து வைத்த பிறகு கேட்பது வீண்.

வாய்மொழியாகக் கேட்டது நாளை நினைவிருக்காது. லேப் பொறுப்பாசிரியருக்கு எழுதி, துறைத்தலைவருக்கும் ஒரு நகல் கொடுங்கள். "இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை சிகிச்சையில் இருந்தேன். 3, 4ஆம் சோதனைகளைச் செய்யவில்லை. வியாழன் பிற்பகல் பி பேட்ச்சுடன் செய்ய அனுமதி வேண்டுகிறேன்" என்ற அளவு போதும். டிஸ்சார்ஜ் சம்மரியையும், மருத்துவரின் பதிவு எண், சிகிச்சைத் தேதிகள் உள்ள சான்றிதழையும் இணையுங்கள்.

நண்பனின் அளவீடுகளைப் பார்த்து ரெக்கார்டை முடித்துவிடலாமே என்று தோன்றும். கொடுக்கும் நீர் மாதிரி ஆளுக்கு ஆள் மாறினால், இருவர் பியூரெட் அளவும் தசமம் வரை ஒன்றாக இருப்பதே காட்டிக்கொடுத்துவிடும். ஒயின் சிவப்பு எப்போது நீலமாகும் என்று வைவாவில் கேட்டால், கண்ணால் பார்க்காதவர் திணறுவார். போலிச் சான்றிதழ் இதைவிட மோசம். ஒழுங்கு நடவடிக்கையில் போய் முடியும்.

உண்மையான நோயைச் சொல்லி எழுதியும் பதிலே வரவில்லை என்றால் முதல்வரிடம் போங்கள். அதற்கும் மேல், யு.ஜி.சி.யின் 2023 விதிமுறைப்படி கல்லூரியில் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். புகார் கிடைத்த 15 வேலை நாள்களுக்குள் அது அறிக்கை தர வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால், அது கையில் கிடைத்த 15 நாள்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கே பேசப்போவது தாள்தான். எனவே முதல் மனுவின் நகலிலேயே பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தையும் தேதியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.