சிறு வட்டத்துள் ஒரு விளம்பரம்

மஸ்கெலியா நகரில் ஒருவர் சாதாரண தர மாணவர்க்கு மாலைநேரக் கணித வகுப்பொன்றைத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நடந்து வரக்கூடிய பிள்ளைகளே போதும் என்றெண்ணி, முகநூல் விளம்பரத்திற்கு நகரை நடுவாகக் கொண்ட 2 கிலோமீற்றர் வட்டத்தைக் குறிக்கிறார். இனி இரண்டிலொன்று நேரும். விளம்பரம் வெளிவராமலே முடங்கும். அன்றேல், அதே சிலர் கண்முன் ஓயாது வந்து நிற்கும். எதிரெதிராகத் தோன்றும் இவ்விரண்டிற்கும் வேர் ஒன்றே.

அவ்வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 12.5 சதுரக் கிலோமீற்றர். ஆனால் பழைய மஸ்கெலியா நகரம் 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கத்துள் மூழ்கியது. இன்றைய நகரம் அதன் கரையிலேயே இருக்கிறது. ஆகவே வட்டத்தின் ஒரு பகுதி நீர். பெரும்பகுதி தேயிலைச் சரிவு. எஞ்சிய மக்களிலும் பெற்றோர் வயதினரை மட்டும் தெரிந்தால், 400 பேரே தேறினர் என்று கொள்வோம்.

முடக்கம் எவ்வாறு நேர்கிறது? திரையிலுள்ள விளம்பர இடம் ஏலத்தில் விற்கப்படுகிறது. ஒருவர் கைப்பேசியைத் திறந்து பார்க்கும்போதுதான் ஏலம் நடைபெறும். 400 பேர் திறக்கும் தருணங்கள் சிலவே. அவற்றிற்கும் நாடு முழுவதையும் நோக்கி விளம்பரம் செய்யும் பெரிய நிறுவனங்கள் போட்டியிடும். ஆசிரியர் தம் கேள்விக்குத் தாழ்ந்த உச்சவரம்பு வைத்திருந்தால் தோற்றுக்கொண்டேயிருப்பார். மேலும், எவர் மறுமொழி தருவார் என்பதை அக்கணினி முறை கற்றறிய, வாரத்திற்கு ஏறத்தாழ 50 மறுமொழிகள் வேண்டும். சிறு கூட்டம் அவற்றைத் தர இயலாது. ஒதுக்கிய பணம் செலவாகாமல் கிடப்பதே முடக்கத்தின் அடையாளம்.

உச்சவரம்பை நீக்கிப் பணத்தைக் கூட்டினால் மறுபக்கம் விளைகிறது. நாளொன்றுக்கு 800 தடவை காட்டப்பட்டால், பத்து நாளில் 8,000. அதனை 400ஆல் வகுத்தால் ஒருவருக்குச் சராசரி 20 தடவை! கண்டவர் தொகை நின்றுவிட, தடவை மட்டும் ஏறுவதே இதன் அடையாளம். அப்பால் மறுமொழி குறையும். சலித்தவர்கள் விளம்பரத்தை மறைத்துவிடுவர்.

இன்னொரு குறையும் உண்டு. ஒருவர் இருக்குமிடம் பல வேளைகளில் உத்தேசமாகவே கணிக்கப்படுகிறது. வட்டம் சிறிதாயின் அப்பிழை பெரிதாகத் தாக்கும். டிசம்பர்ப் பூரணை முதல் வெசாக் வரை நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலைக்குச் செல்லும் யாத்திரிகரும் வட்டத்துள் எண்ணப்படலாம். தொகை பெருகும், மாணவர் பெருகார்.

பரிகாரம் யாது? ஆரத்தை இருமடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகும். ஆகவே வட்டத்தை விரித்து, வயதுத் தெரிவையும் தளர்த்தலாம். “மஸ்கெலியா நகரில் நடைபெறும் வகுப்பு” என்று விளம்பர வாசகத்திலேயே எழுதிவிட்டால், தொலைவிலுள்ளோர் தாமே விலகிவிடுவர். வட்டத்தை விரிக்க மனமில்லையேல் பணத்தைச் சுருக்குக: 400 பேருக்கு நான்கு தடவை, ஆக 1,600 காட்சிகள், அத்துடன் நிறுத்துக. அதுவும் முடங்குமாயின், அத்தொகைக்கு அச்சிட்ட துண்டுப்பிரசுரத்தைத் தோட்டத்து லயங்களில் வீடுதோறும் கொடுப்பதே மேல்.