தேய்ப்பதை எப்போது நிறுத்துவது?

வடக்குத் தான்சானியாவின் ஹைடம் என்ற ஊரில் ஒரு லூத்தரன் மருத்துவமனை இருக்கிறது. அங்கே பிரசவம் பார்க்கும் ஊழியர்களுக்கு 2010-இல் ஒருநாள் பயிற்சி நடந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் உருவாக்கிய ‘ஹெல்பிங் பேபீஸ் பிரீத்’ என்ற பயிற்சி அது. சில மாதங்கள் கழித்துச் சோதித்தபோது பொம்மைக் குழந்தையை வைத்து எல்லோரும் முன்பைவிட நன்றாகச் செய்து காட்டினார்கள். ஆனால் பிரசவ அறையில் உண்மையான குழந்தைகளுக்கு அவர்கள் செய்த சிகிச்சையில் முன்னேற்றம் தெரியவில்லை.

பிறகு மருத்துவமனை வழியை மாற்றியது. பிரசவப் பிரிவிலேயே, சில நிமிடங்களே பிடிக்கும் பயிற்சிகளை அடிக்கடி நடத்தினார்கள். அதன் பிறகு, பிறந்த முதல் 24 மணி நேரத்தில் இறக்கும் குழந்தைகளின் விகிதம் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. பாடத்தைத் தெரிந்துவைத்திருப்பதற்கும் அழாத குழந்தையைக் கையில் வாங்குவதற்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. மருத்துவச்சிப் படிப்பு மாணவிகள் அந்தத் தூரத்தைக் கடப்பது இத்தகைய பயிற்சியில்தான்.

பத்தில் ஒன்பது குழந்தைகள் பிறந்ததும் தாமாகவே மூச்சுவிடத் தொடங்கிவிடுகின்றன. மீதமுள்ள குழந்தைகளில் பெரும்பாலானவற்றுக்குத் துடைப்பதும், முதுகைத் தேய்ப்பதும், காற்று கொடுப்பதுமே போதும். அந்தக் காற்று பிறந்து ஒரு நிமிடத்துக்குள் தொடங்கியாக வேண்டும் என்பதால் இதைப் ‘பொன் நிமிடம்’ என்கிறார்கள். ஹைடத்திலேயே நடந்த ஓர் ஆய்வில், காற்று கொடுக்கத் தாமதமான ஒவ்வொரு 30 விநாடிக்கும் குழந்தைக்கு வரும் ஆபத்து 16 விழுக்காடு கூடியது தெரியவந்தது.

தாமதம் எங்கே நிகழ்கிறது? பெரும்பாலும் சும்மா நிற்பதால் அல்ல. சளியை உறிஞ்சுவதிலும் முதுகைத் தேய்ப்பதிலும் நேரம் போய்விடுகிறது. ஆக்சிஜன் குறையும்போது குழந்தையின் மூச்சு முதலில் ஒரு முறை நிற்கும். அந்தக் கட்டத்தில் தேய்த்துத் தூண்டினால் மூச்சு திரும்பிவிடும். அதையும் கடந்துபோன குழந்தை விட்டுவிட்டு ஏங்கும், பிறகு மறுபடி மூச்சை நிறுத்தும். இந்த இரண்டாம் கட்டத்தில் எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை. நுரையீரலுக்குள் காற்று போனால்தான் இதயம் மீளும். சிக்கல் என்னவென்றால், குழந்தை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. தேய்ப்பதற்கு வரம்பு வைத்திருப்பது இதனால்தான்.

வேலை தலை வெளியே வருமுன்பே தொடங்குகிறது. அறை 25 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், மின்விசிறி ஓடக் கூடாது. காய்ந்த, கதகதப்பான இரண்டு துணிகள், தொப்பி, சளி உறிஞ்சி, கத்தரி, க்ளாம்ப், நொடி முள் உள்ள கடிகாரம், அம்பு பேக், இரண்டு அளவு முகமூடிகள் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் வேண்டும். நிறைமாதக் குழந்தைக்கு 1-ஆம் எண் முகமூடி, சிறிய குழந்தைக்கு 0. பேகைச் சோதிக்க, முகமூடியை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்து பேகை அமுக்க வேண்டும். கையில் அழுத்தம் தெரிய வேண்டும். விட்டதும் பேக் உடனே உப்ப வேண்டும்.

இனி கடிகாரத்தோடு போகலாம். மூன்று கிலோ எடையுள்ள ஒரு குழந்தை பிறக்கிறது, அழவில்லை. மாணவி நேரத்தைச் சத்தமாகச் சொல்கிறாள். குழந்தையைத் தாயின் வயிற்றில் போட்டு, தலை, முதுகு, கை கால் என்று நன்றாகத் துடைக்கிறாள். ஈரத்துணியை அகற்றி, காய்ந்த துணியால் மூடுகிறாள். துடைப்பதே ஒரு தூண்டல்தான். பல குழந்தைகள் இந்த இடத்திலேயே அழுதுவிடும். இது அழவில்லை. தலையைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து, மூக்கு மேல்நோக்கி இருக்கும்படி வைக்கிறாள். வாயில் சளி தெரிவதால் முதலில் வாயையும் பிறகு மூக்கையும் சுத்தம் செய்கிறாள். மூக்கை முதலில் தொட்டால் குழந்தை சட்டென்று மூச்சிழுக்கும். வாயில் இருப்பது உள்ளே போய்விடும். குழாயை ஆழமாகவும் விடக் கூடாது, தொண்டையின் பின்புறத்தைச் சீண்டினால் இதயத் துடிப்பு குறையும். பிறகு முதுகுத்தண்டின் மேல் ஓரிரு முறை தேய்க்கிறாள்.

இப்போது முப்பது விநாடி தாண்டியிருக்கும். குழந்தை ஒரு முறை வாயைத் திறந்து ஏங்குகிறது. “மூச்சு வந்துடுச்சு சிஸ்டர்!” என்று மாணவி சொல்லும் இடம் இது. விட்டுவிட்டு வரும் ஏக்கம் மூச்சு அல்ல. உடனே உதவிக்குக் குரல் கொடுத்து, கொடியைக் க்ளாம்ப் போட்டு வெட்டி, குழந்தையை வார்மருக்குக் கொண்டுபோக வேண்டும். தலைகீழாகத் தூக்குவது, முதுகில் அடிப்பது, தண்ணீர் தெளிப்பது எல்லாமே தீங்கு.

முகமூடி தாடை நுனி, வாய், மூக்கு மூன்றையும் மூட வேண்டும், கண்ணை மூடக் கூடாது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் முகமூடியை அழுத்த, நடுவிரல் தாடை எலும்பை முகமூடியை நோக்கித் தூக்கும். “அமுக்கு, இரண்டு, மூன்று” என்று எண்ணிக்கொண்டே கொடுத்தால் நிமிடத்துக்கு நாற்பது முதல் அறுபது மூச்சுகள் வந்துவிடும். மூன்று கிலோ குழந்தைக்கு ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ 15 முதல் 20 மில்லிலிட்டர் காற்றே போதும் என்பதால் பேகை முழுசாகப் பிழிய வேண்டியதில்லை. நிறைமாதக் குழந்தைக்குச் சாதாரணக் காற்றில் தொடங்கலாம். ஆக்சிஜன் சிலிண்டரைத் தேடி ஓடுவது இந்த நிமிடத்தில் செய்யும் வேலை அல்ல.

பார்க்க வேண்டியது நெஞ்சைத்தான். அது எழும்பவில்லையென்றால் எத்தனை முறை அமுக்கினாலும் கணக்கில் சேராது. முகமூடியை மறுபடி பொருத்த வேண்டும், தலையைச் சரி செய்ய வேண்டும், சளியைப் பார்க்க வேண்டும், வாயைச் சற்றுத் திறந்துவைக்க வேண்டும், கடைசியாகக் கொஞ்சம் அழுத்திப் பார்க்க வேண்டும். பிறந்த குழந்தையின் பின்தலை பெரியது. சமதளத்தில் கிடத்தினால் கழுத்து முன்னால் மடங்கி மூச்சுப்பாதை அடைபடும். தோளுக்கடியில் மடித்த சிறு துணி அதைத் தடுக்கும்.

பயிற்சிக்கு மூன்று பேர் போதும். ஒருத்தி மருத்துவச்சி. இன்னொருத்தி பொம்மைக்குப் பின்னால் அமர்ந்து ‘குழந்தை’யாகிறாள், அழுகையும் கொடித் துடிப்பும் அவள் கையிலுள்ள குமிழ்களில் இருக்கின்றன. மூன்றாமவள் கடிகாரம் பார்த்து, “முப்பது”, “அறுபது” என்று மட்டும் சொல்கிறாள். குழந்தை அழுமா என்பதை முன்னதாகச் சொல்லக் கூடாது. ஒரு சுற்றில் துடைக்கும்போதே அழட்டும். மருத்துவச்சி தேவையில்லாமல் பேகை எடுக்கிறாளா என்று பார்க்கலாம். அடுத்த சுற்றில் ஏங்கட்டும். இன்னொன்றில் பொம்மையின் கழுத்தை யாருக்கும் தெரியாமல் மடக்கிவிடலாம். நெஞ்சு எழும்பவில்லை என்று எத்தனையாவது மூச்சில் கண்டுபிடிக்கிறாள் என்பதுதான் கேள்வி.

இதயத் துடிப்பைத் தனியாகப் பழக வேண்டும். ‘குழந்தை’யாக இருப்பவள் குமிழை அமுக்க, மருத்துவச்சி கொடியின் அடியைத் தொட்டு ஆறு விநாடி எண்ணி, பத்தால் பெருக்கிச் சொல்ல வேண்டும். எட்டு வந்தால் எண்பது. நூறுக்குக் கீழே என்பதால் காற்றை நிறுத்தக் கூடாது. நெஞ்சு நன்றாக எழும்பியும் துடிப்பு ஏறவில்லையென்றால் மேல்சிகிச்சை தெரிந்தவர் வந்தாக வேண்டும். நெஞ்சு அமுக்கமும் மருந்தும் இந்த முதல் படிகளுக்கு அப்பால் உள்ளவை.

சுற்று முடிந்ததும் மருத்துவச்சியாக இருந்தவளே முதலில் பேசட்டும்: எதைப் பார்த்தாள், எந்த விநாடியில் பேக் கைக்கு வந்தது, அடுத்த முறை எதை மாற்றுவாள். பிறகு பேகைக் கழற்றிக் கழுவிக் காயவைக்க வேண்டும். கழுவிய பின் வால்வைத் தலைகீழாக மாட்டிவிட்டால் பேகிலிருந்து காற்று போகாது. அதனால் மறுபடி பூட்டியதும், உள்ளங்கையில் வைத்து ஒரு முறை அமுக்கிப் பார்த்த பிறகே அது வார்மருக்குத் திரும்ப வேண்டும்.