மூன்று வாரப் படுக்கை

1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் டாலஸ் நகரில், இருபது வயதையொட்டிய ஐந்து ஆரோக்கியமான இளைஞர்கள் மூன்று வாரம் படுக்கையிலேயே கிடந்தார்கள். நோயெதுவும் இல்லை, ஆராய்ச்சிக்காகத்தான். எழுந்தபோது, கடும் உழைப்பில் உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு கால் பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் சோதித்தார்கள். முதுமை அவர்களிடமிருந்து பறித்தது, அந்த மூன்று வாரங்கள் பறித்ததைவிடக் குறைவு!

காரணம் ரத்தத்திலிருந்து தொடங்குகிறது. நிற்கும்போது புவியீர்ப்பு ரத்தத்தைக் கால்களுக்கு இழுக்கிறது. படுத்தால், அல்லது விண்வெளியில் மிதந்தால், அது மார்புப் பக்கம் நகர்கிறது. ரத்தம் மிகுந்துவிட்டதாக உடல் எடுத்துக்கொள்கிறது. சிறுநீரகங்கள் நீரையும் உப்பையும் வெளியேற்றுகின்றன. சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குறைகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் குறைவாக நிரம்பி, குறைவாகவே வெளியேற்றுகிறது. வாரங்கள் போனால் இதயத் தசையே மெலிகிறது. நீண்ட நாள் படுத்த நோயாளி எழுந்ததும் தலைசுற்றி விழுவது இதனால்தான். அவரை முதலில் உட்காரவைத்து, பிறகே நிற்கவைக்க வேண்டும்.

உடலைத் தாங்கும் கால், முதுகுத் தசைகளும் விரைவில் இளைக்கின்றன. எலும்பின் இழப்பு மெதுவானது, ஆனால் பிடிவாதமானது. பாரம் இல்லாதபோது எலும்பு கரைந்து, கால்சியம் சிறுநீரில் போகிறது. போதிய உடற்பயிற்சி இல்லாவிட்டால் விண்வெளி வீரரின் இடுப்பெலும்பு மாதத்துக்கு ஏறத்தாழ 1 சதவீதம் அடர்த்தி இழக்கும். பிளாஸ்மா சில நாட்களில் மீள்கிறது. எலும்புக்கோ ஓராண்டுகூடப் போதாமல் போகலாம்.