லயத்து இஸ்தோப்பில் ஒரு வாசற்படி

மாத்தளை மாவட்டத்துத் தோட்டமொன்றின் லயத்தில், இஸ்தோப்பின் ஒரு மூலையைப் பழைய சேலையாலும் தென்னோலையாலும் மறைத்திருந்தார்கள். உள்ளே பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். “உள்ள எட்டிப் பாக்காதீங்க தங்கச்சி, இன்னும் அஞ்சு நாள் இருக்கு” என்றார் அவளது அம்மாயி. அந்த மறைப்புக்குப் பெயர் குச்சு. அதைக் கட்டித் தரும் உரிமை தாய்மாமனுக்கு உரியது. முற்றத்தில் கட்ட வேண்டியது, இடமில்லாததால் இஸ்தோப்புக்கு வந்துவிட்டது.

இத்தகைய சடங்குகளை விளக்க மானிடவியலில் ஒரு சொல் உண்டு: லிமினாலிட்டி. வாசற்படியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழில் வாசற்படிநிலை எனலாம். 1909இல் ஆர்னல்ட் வான் ஜென்னப் என்ற அறிஞர், வாழ்க்கையின் ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் சடங்குகளில் மூன்று படிகள் இருப்பதைக் காட்டினார். முதலில் பழைய நிலையிலிருந்து பிரிப்பார்கள். பிறகு இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவார்கள். கடைசியில் புதிய நிலையில் ஊரோடு சேர்ப்பார்கள். ஆபிரிக்காவின் சாம்பியாவில் நெடம்பு மக்களிடையே ஆய்வு செய்த விக்டர் டர்னர், 1960களில் அந்த நடுப்படியை விரிவாக எழுதினார். அங்கே நிற்பவர் பழைய ஆளும் அல்ல, புதிய ஆளும் அல்ல. அதனால்தான் ஊர் அவரை மறைத்து வைக்கிறது, தீட்டு என்கிறது, அதேவேளை பொத்திப் பாதுகாக்கவும் செய்கிறது.

லயத்தில் நான் கண்டது இதோடு பொருந்துகிறது. முதல் நாள் தலைக்குத் தண்ணீர் வார்த்து, சிறுமியைக் குச்சுக்குள் விட்டார்கள். அவளுக்குத் தனிப்பாய், தனித்தட்டு. பக்கத்தில் வேப்பிலையும் ஓர் இரும்புத் துண்டும். ஆண்கள் முகத்தில் விழிக்கக் கூடாது. உணவு உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை. அவள் சின்னப்பிள்ளை அல்ல, ஆனால் பெரிய மனுசி என்றும் இன்னும் ஊருக்குச் சொல்லவில்லை. பதினோராம் நாள் மாமன் மனைவி முதல் குடம் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். மாமன் சீர் வந்தது, சேலை கட்டினார்கள், ஆலாத்தி எடுத்தார்கள். குச்சின் ஓலையைப் பிரித்து எரித்தார்கள். வாசற்படி முடிந்துவிட்டது என்பதற்கு அந்தச் சாம்பலே சாட்சி.

ஆனால் ஓரிடத்தில் இந்தக் கருத்து இடறுகிறது. ஆண்பிள்ளைகளைக் கூட்டமாக ஊருக்கு வெளியே கொண்டுபோகும் சடங்குகளுக்கு அது நன்றாகப் பொருந்தும். இந்தச் சிறுமியோ தனியாள். வீட்டைவிட்டு அவள் எங்கும் போகவில்லை, வீட்டுக்குள்ளேயே மேலும் ஒடுக்கப்பட்டாள். புரூஸ் லிங்கன் என்ற ஆய்வாளர் 1981இல் இதையே சுட்டிக்காட்டினார். பெண்களின் சடங்குகளில் பிரிதல், நடுநிலை, சேர்தல் என்பதைவிட, அடைத்தல், உருமாற்றுதல், வெளிவருதல் என்பதே பொருத்தம் என்பது அவர் வாதம். கூட்டுக்குள் போன புழு வண்ணத்துப்பூச்சியாக வரும் என்பது அதன் உவமை. ஆனால் சிறகு முளைத்தாலும் பறக்க விடுகிறார்களா என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

சடங்கு முடிந்த பிறகு அவளிடம் பேசினேன். இனிப் பீலிக்குத் தனியே போகக் கூடாது, பையன்களோடு விளையாடக் கூடாது என்றாள். பள்ளியில் பதினொரு நாள் பாடம் தவறிவிட்டது. சடங்கு அவளைப் பெரிய மனுசி என்கிறது. நாட்டின் பொதுச் சட்டமோ பதினாறு வயது வரை அவள் பள்ளியில் இருக்க வேண்டும், பதினெட்டுக்கு முன் மணமுடிக்கக் கூடாது என்கிறது. ஊருக்கு வாசற்படி பதினோராம் நாளோடு முடிந்தது. சட்டத்துக்கு அவள் இன்னும் ஐந்து வருடம் பிள்ளைதான். இதை வீட்டாருக்குச் சொல்லிப் புரியவைத்தால், அவள் படிப்புக்குச் சடங்கு குறுக்கே வராது.

இந்தச் சொல்லை நம்மவர் அகதி வாழ்வுக்கும் பயன்படுத்துகிறார்கள். அங்கே கவனம் தேவை. குச்சுக்கு முடியும் நாள் உண்டு. முதல் தண்ணீர் ஊற்ற ஒருவர் உண்டு. வெளியே வருபவளை வரவேற்கக் காத்திருக்கும் சனம் உண்டு. 2009இல் செட்டிகுளம் முகாமில் தறப்பாள் கூடாரத்துக்குள் இருந்தவர்களுக்கு எப்போது வெளியே விடுவார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதற்கும் முன், 1948இல் குடியுரிமை மறுக்கப்பட்ட மலையக மக்களில் பலர் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை நாடற்றவர்களாகவே இருந்தார்கள். இரண்டையும் வாசற்படி என்று சொன்னால், அப்பால் ஒரு வீடு காத்திருந்தது போல ஆகிவிடும். கதவைச் சாத்தியவர் யார் என்ற கேள்வியும் மறைந்துவிடும்.

அம்மாயி சொன்ன “இன்னும் அஞ்சு நாள்” என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. நாளை எண்ண முடிந்தால் அது வாசற்படி. எண்ண முடியாவிட்டால் அது அடைப்பு.