பென்சிலின் மேல் ஓர் அளவுகோல்

நெம்புகோலைப் பற்றிய பாடத்தைப் பாடப் புத்தகத்திலிருந்து படித்துக் காட்டினால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். கடப்பாரைக்கு ஒரு படம், பாக்குவெட்டிக்கு ஒரு படம், அடியில் ஒரு சூத்திரம். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் பெறுவார்கள். ஆனால் அந்தச் சூத்திரத்தைத் தாங்களே கண்டுபிடிக்கும்படி விட்டால், இரண்டு பீரியடுகள் பிடிக்கின்றன. அவற்றில் முதலாவது பெரும்பாலும் தகராறிலேயே போய்விடுகிறது. அந்தத் தகராறுதான் பாடம் என்பது நமது அபிப்பிராயம்.

வேண்டிய சாமான்கள் அற்பமானவை. நால்வர் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் முப்பது சென்டிமீட்டர் மர அளவுகோல் ஒன்று (பிள்ளைகள் ஸ்கேல் என்பார்கள்), ஆறு பட்டை கொண்ட பென்சில் ஒன்று, அது உருளாமல் இருக்கச் சிறிது களிமண், சில ஒரு ரூபாய் நாணயங்கள். நாணயங்களில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். 2011-ஆம் வருஷம் முதல் வந்த ஒரு ரூபாய் நாணயம் 3.79 கிராம் எடையும் ஏறக்குறைய 22 மில்லிமீட்டர் அகலமும் உள்ளது. அதற்கு முந்திய நாணயம் அகலத்திலும் பெரிது; எடையிலும் ஒரு கிராமுக்கு மேல் அதிகம். இரண்டும் கலந்துவிட்டால் ரூபாய்க்கு ரூபாய் சமம் என்பது கடைவீதியில் செல்லுமே தவிர, அளவுகோலின் மேல் செல்லாது.

பூங்காவில் குழந்தைகள் இரு புறமும் அமர்ந்து ஏறி இறங்கி விளையாடும் சீசாப் பலகையைப் போல, அளவுகோலைப் பென்சிலின் மேல் குறுக்காக வைக்க வேண்டும். முதலில் நாணயம் ஒன்றுமின்றி வெறும் கோலையே நிறுத்திப் பார்க்கச் சொல்லுகிறோம். 15 என்ற கோட்டின்மேல்தான் அது நிற்கும் என்று வகுப்பு முழுவதும் எதிர்பார்க்கும். நிற்பதில்லை. ஒரு குழுவின் கோல் 15.3-இல் நின்றது. உற்றுப் பார்த்தால் காரணம் தெரியும்: ஆணியில் மாட்டுவதற்காகத் துளையிட்ட முனையில், 30-க்கு அப்பாலும் சிறிது மரம் நீண்டிருக்கிறது, பூஜ்யத்தின் பக்கம் அவ்வளவு இல்லை. ஆகவே அந்தக் குழுவுக்கு இனி எல்லாத் தூரமும் 15.3-இலிருந்துதான் கணக்கு. இதை மறந்து, நாணயம் 27-ஆம் கோட்டில் இருப்பதால் தூரம் 27 என்று எழுதும் பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் உண்டு.

கூரிய விளிம்பின் மேல் வைத்தால் இன்னும் நுட்பமாக இராதா என்று கெட்டிக்காரப் பையன் எவனாவது கேட்பான். வைத்துப் பார்த்தால் கோல் ஒரு நொடியும் நிற்பதில்லை. செட்டியார் கடைத் தராசில் கோல் மேலிருந்து தொங்குகிறது, தட்டுக்கள் கீழே தாழ்ந்திருக்கின்றன. அதனால் அது ஆடி ஆடி நிலைக்கு வருகிறது. நமது கோலிலோ எடை முழுவதும் ஆதாரத்துக்கு மேலே இருக்கிறது. எள்ளளவு சாய்ந்தாலும் மேலும் சாயவே அது விரும்பும். பென்சிலின் தட்டையான பட்டைதான் அதைத் தாங்கி நிற்க வைக்கிறது.

ஆனால் அந்தப் பட்டையே ஒரு தொல்லையும் செய்கிறது. அதன் அகலம் சுமார் நான்கு மில்லிமீட்டர். ஆகையால் கோல் ஒரே ஓர் இடத்தில் மட்டும் சமநிலை காட்டுவதில்லை. ஒரு நாணயத்தை இப்படியும் அப்படியும் கணிசமாக நகர்த்தினாலும் பேசாமல் நின்றுகொண்டிருக்கிறது. இடப்புறம் ஆதாரத்திலிருந்து 6 சென்டிமீட்டரில் இரண்டு நாணயங்களை அடுக்கி, வலப்புறம் ஒன்றை வைத்து நகர்த்தச் சொன்னோம். ஒரு பையன் "11-இல் நிற்கிறது சார்" என்றான். பக்கத்துப் பையன் "இல்லை சார், 13-இல் நிற்கிறது" என்றான். இருவரும் மெய்யே சொன்னார்கள். தகராறு என்று மேலே சொன்னது இதைத்தான்.

இதைத் தீர்க்க ஒரு வழி உண்டு. கோல் எங்கே நிற்கிறது என்று பாராமல், எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். வலப்புற நாணயத்தை மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டே வந்து, இடப்புறம் சரியும் இடத்தைக் குறித்துக்கொள்ளுகிறோம்: 10.4. பிறகு வெளியே தள்ளிக்கொண்டே போய், வலப்புறம் சரியும் இடத்தைக் குறிக்கிறோம்: 13.4. இரண்டுக்கும் நடு 11.9. பட்டையின் அகலம் இரு பக்கமும் ஒரே அளவு ஏமாற்றுவதால், நடுவை எடுக்கும்போது அந்த ஏமாற்றம் கழிந்துவிடுகிறது. மூன்று நாணயங்களை 4 சென்டிமீட்டரில் வைத்தபோது எல்லைகள் 10.2-உம் 13.8-உம், நடு 12. இரண்டை ஆறால் பெருக்கினாலும் மூன்றை நாலால் பெருக்கினாலும் பன்னிரண்டுதான் என்பதை நாம் சொல்லவில்லை. மூன்றாவது வரியை எழுதும்போதே ஒரு பையன் கத்திவிட்டான். வெறும் கோலின் சமநிலையையும் இப்படியே 15.1, 15.5 என்ற எல்லைகளைக் கண்டுதான் 15.3 என்று நிச்சயித்தார்கள்.

இந்த வெற்றிக் கூச்சல்தான் ஆபத்து. விடை இன்னதென்று தெரிந்தவுடன், மற்றக் குழுக்களின் நோட்டுப் புத்தகங்களில் ரப்பர் வேலை செய்யத் தொடங்குகிறது. ஜன்னல் ஓரத்துக் குழுவில் ஒரு பெண் தான் எழுதியதை அழிக்கப் போனாள். என்ன என்று பார்த்தோம். ஒரு நாணயத்தை 8-இல் வைத்தபோது எதிர்ப்புறம் 8.1 வந்திருக்கிறது, அது சரி. இரண்டை 4-இல் வைத்தபோது 8 வர வேண்டியதற்கு 9.1 வந்திருக்கிறது. மூன்றை 3-இல் வைத்தபோது 9-க்குப் பதில் 11.2.

"தப்பாக வந்துவிட்டது சார், திருத்தி எழுதிவிடுகிறேன்" என்றாள்.

"அழிக்காதே அம்மா. எவ்வளவு தப்பு என்று பக்கத்திலே எழுது" என்றோம்.

எழுதினாள்: 0.1, 1.1, 2.2. மனம் போனபடி நேரும் தவறுகள் ஒரு முறை கூடவும் ஒரு முறை குறையவும் இருக்கும். இவையோ படிக்கட்டு ஏறுவதுபோல் ஏறுகின்றன. அதுவும் ஒரே திசையில், நாணயம் அதிகமுள்ள பக்கத்துக்குப் பெருக்குத்தொகை குறைவாக வரும்படி ஏறுகின்றன. அந்தப் பெண் கொஞ்ச நேரம் நாணயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை அளவுகோலின் மேல் படுக்க வைத்து அகலத்தை அளந்தாள்: 2.2. பாதி, 1.1. அவர்கள் குழு ஆதாரத்திலிருந்து நாணயத்தின் நடுவுக்கு அளக்காமல், நாணயத்தின் உட்புற விளிம்பு வரையில் அளந்திருக்கிறது! விளிம்பில் 4 என்றால் நடுவில் 5.1, இரண்டு நாணயங்களுக்கு 10.2. எதிர்ப்புறம் 9.1 என்றது நடுவில் 10.2. சரியாகப் போயிற்று. ஒவ்வொரு நாணயமும் 1.1 வீதம் கணக்கில் விட்டுப்போகிறது. ஒரு பக்கம் இரண்டும் மறு பக்கம் ஒன்றுமாயின் வித்தியாசம் ஒரு 1.1, மூன்றும் ஒன்றுமாயின் இரண்டு 1.1.

அப்படியானால் நான்கு நாணயங்களை விளிம்புக் கணக்கில் 2-இல் வைத்தால் என்ன வரும் என்று கேட்டோம். எட்டும் மூன்று பங்கு 1.1-உம் சேர்ந்து 11.3 வரும் என்றாள். வைத்துப் பார்த்ததில் 11.4 வந்தது. ரப்பரை உபயோகித்திருந்தால் அந்தப் பக்கத்தில் எட்டும் ஒன்பதும் அழகாக இருந்திருக்கும். நாணயத்தின் பாதி அகலம் அதில் ஒளிந்திருப்பது ஒருவருக்கும் தெரிந்திராது.

எடையையும் தூரத்தையும் பெருக்க வேண்டும் என்ற இந்த விதியைக் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் சைரக்யூஸ் நகரத்தில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ் நிரூபித்து எழுதினார். நமது கழனிகளில் ஏற்றம் இறைத்தவர்களோ அதைக் காலால் அறிந்திருந்தார்கள். ஏற்ற மரத்தின்மேல் நடப்பவர் கிணற்றுப் பக்கம் நடந்தால் சால் இறங்கும். பின்புறம் நடந்தால் நீரோடு ஏறும். அவர் உடம்பின் எடை மாறவில்லை. ஆதாரத்திலிருந்து அவர் நிற்கும் தூரம்தான் மாறியது. ஒரு நாணயத்தைக் கோலின்மேல் தள்ளிக்கொண்டு போனபோது பிள்ளைகள் செய்ததும் அதுவே. பம்பு செட்டு வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு ஏற்றத்தைப் படம் போட்டுத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

இரண்டாவது பீரியடில் பென்சிலை வேண்டுமென்றே நடுவிலிருந்து விலக்கினோம். இதுவரையில் கோலின் சொந்த எடை கணக்கில் வரவில்லை. ஏனெனில் சமநிலைப் புள்ளியே ஆதாரத்தின் மேல் இருந்தது. இப்போது ஆதாரத்தை 10-ஆம் கோட்டின் கீழ் வைத்தால் நீண்ட பக்கம் தானாகவே விழுகிறது. குட்டைப் பக்கத்தில் நான்கு நாணயங்களை அடுக்கி நகர்த்தினால் மீண்டும் நிற்கிறது. எல்லைகள் ஆதாரத்திலிருந்து 6.9-உம் 7.9-உம், நடு 7.4. நான்கு நாணயங்களை 7.4-ஆல் பெருக்க 29.6. எதிர்ப்புறத்தில் நாணயம் ஒன்றும் இல்லை. கோல் மட்டும் இருக்கிறது. அதன் எடை முழுவதும் 15.3-இல் குவிந்திருப்பதாகக் கொண்டால், ஆதாரத்திலிருந்து அதன் தூரம் 5.3. 29.6-ஐ 5.3-ஆல் வகுக்கக் கோலின் எடை 5.6 நாணயம், அதாவது 21.2 கிராம். தராசே இல்லாமல் கோல் தன்னைத் தானே நிறுத்துக்கொண்டது!

நம்பாத பையன் ஒருவன் அன்று மாலை கோலை எடுத்துக்கொண்டு தன் மாமாவோடு நகைக்கடைக்குப் போய் நிறுத்துப் பார்த்தான். 21.6 கிராம் என்று காட்டியதாம். மறுநாள் 0.4 கிராம் எங்கே போயிற்று என்ற விசாரணை நடந்தது. சமநிலைப் புள்ளி 15.3 அல்ல, 15.2 என்று வைத்துக்கொண்டால் தூரம் 5.2 ஆகிறது; எடையும் 21.6 ஆகிவிடுகிறது. பென்சில் பட்டையின் அகலத்தை நினைத்தால், ஒரு மில்லிமீட்டர் பிசகியிருப்பது ஆச்சரியமன்று. ஆனால் அதனால் 15.2 என்று எழுதிவிடக் கூடாது என்று ஜன்னல் ஓரத்துப் பெண்ணே சொன்னாள். மறுபடி அளந்து 15.2 வந்தால்தான் எழுதலாம் என்பது அவள் கட்சி.

இன்னொருவன் பென்சிலை 7-ஆம் கோட்டுக்குத் தள்ளினால் அந்தத் தூரம் 8.3 ஆகிவிடும், ஒரு மில்லிமீட்டர்ப் பிசகு அவ்வளவாக உறைக்காது என்றான். செய்து பார்த்தார்கள். அதற்கு எட்டு நாணயங்கள் வேண்டியிருந்தன. அடுக்கு ஒரு முறை சரிந்தது. தவிரவும் குட்டைப் பக்கத்துத் தூரம் 7.4-இலிருந்து 5.8-ஆகக் குறைந்துபோயிற்று, அங்கே நேரும் ஒரு மில்லிமீட்டர்ப் பிசகு முன்னிலும் அதிகமாக உறைக்கும். ஒரு பக்கத்தில் மிச்சம் பிடித்ததை மறு பக்கத்தில் கொடுக்க வேண்டியிருக்கிறது. 10-க்கும் 7-க்கும் நடுவே எந்தக் கோட்டில் வைத்தால் இரண்டு நஷ்டமும் சேர்ந்து மிகக் குறைவாக இருக்கும் என்று மணி அடித்த பிறகும் அவர்கள் பென்சிலை நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.