5-லிருந்து 15 கோடி வரை

1988-இன் பிற்பகுதி. ஜப்பானின் ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ வார இதழில் அகிரா தொரியாமாவின் ‘டிராகன் பால்’ படக்கதை நான்காண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. விண்வெளியிலிருந்து ராடிட்ஸ் என்ற முரடன் ஒரு வயல்வெளியில் வந்து இறங்குகிறான். அவனுடைய ஒரு கண்ணை மறைத்தபடி கண்ணாடி போன்ற கருவி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஸ்கவுட்டர். எதிரே துப்பாக்கியோடு நடுங்கி நிற்கும் விவசாயியை அதன் வழியாகப் பார்க்கிறான். போர்ப்பலம் 5 என்று காட்டுகிறது. விவசாயி சுடுகிறார். ராடிட்ஸ் குண்டைக் கையால் பிடித்துத் திருப்பி எறிகிறான்.

சண்டை அனிமே ரசிகர்கள் இன்றும் விடாமல் போடும் ஒரு வழக்குக்கு இந்த 5 முக்கியமான தொடக்கம். எந்தப் பாத்திரம் யாரைவிட எவ்வளவு பலசாலி என்று ஆதாரம் காட்டி வரிசைப்படுத்துவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பவர் ஸ்கேலிங். அதற்கு டிராகன் பாலைவிட நல்ல உதாரணம் கிடையாது. பலத்துக்கு வெளிப்படையாக எண் கொடுத்த கதை அது. அந்த எண்ணைப் பாதியிலேயே கைவிட்ட கதையும் அதுதான்.

ஸ்கவுட்டர் வருவதற்கு முன்பு ஒருவன் எவ்வளவு பலசாலி என்று தெரிய அவன் சண்டை போடும்வரை காத்திருக்க வேண்டும். எண் வந்த பிறகு, சண்டைக்கு முன்பே பயம் வந்துவிடுகிறது. கதாநாயகன் கோகு, தன் பழைய எதிரி பிக்கலோவோடு சேர்ந்து ராடிட்ஸை எதிர்க்கிறான். உடலில் கட்டியிருந்த பாரங்களைக் கழற்றியதும் கோகுவின் எண் 334-லிருந்து 416 ஆகிறது, பிக்கலோவின் எண் 322-லிருந்து 408 ஆகிறது. ராடிட்ஸ் அசரவில்லை. பிறகு நாமெக் என்ற கிரகத்தில் 42,000 பலம் கொண்ட நெயில் என்ற வீரனிடம், என் பலம் 5,30,000 என்று ஃப்ரீசா அமைதியாகச் சொல்கிறான். அவன் இன்னும் கையே ஓங்கவில்லை. இவன் தோற்றுவிட்டான் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. கதை சொல்லும் கருவியாக ஸ்கவுட்டர் அருமையானது.

சிக்கல் அந்த எண்ணை அளவை என்று எடுத்துக்கொள்ளும்போது தொடங்குகிறது. ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம்.

கோகுவின் குரு ரோஷி, முந்தைய ஒரு போட்டியில் காமேஹாமேஹா என்ற ஆற்றல் வீச்சால் நிலாவையே தகர்த்தவர். பின்னாளில் ஸ்கவுட்டர் அவருக்குக் காட்டும் பலம் 139. வீச்சுக்காக ஆற்றலைத் திரட்டும்போது எண் உயரும். ராடிட்ஸுடனான சண்டையில் 416-ஆக இருந்த கோகு காமேஹாமேஹாவுக்குத் தயாராகும்போது 924 காட்டுகிறது. அதே விகிதத்தில் ரோஷிக்கும் ஏற்றிக் கொடுத்தால் ஏறத்தாழ 300 வரும்.

நிலாவைத் தகர்க்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று இயற்பியலில் கணக்கிடலாம். உடைத்தால் போதாது, துண்டுகள் ஈர்ப்பினால் மறுபடி ஒன்றுசேராதபடி சிதற வேண்டும். அதற்குத் தேவையான ஆற்றல், சூரியன் எல்லாத் திசைகளிலும் சேர்த்து ஐந்தரை நிமிடத்தில் வெளியிடும் மொத்த ஆற்றலுக்குச் சமம். 300 எண்ணுக்கு இவ்வளவு என்றால் 5 எண் கொண்ட விவசாயிக்கு அதில் அறுபதில் ஒரு பங்கு. அதாவது அந்த மனிதரிடம் சூரியனின் ஐந்து விநாடி முழு ஒளி இருக்கிறது என்றாகிறது. அவரோ கையில் துப்பாக்கி பிடித்துக்கொண்டு நடுங்குகிறார்.

ஆக, எண் இரண்டு மடங்கானால் ஆற்றலும் இரண்டு மடங்கு என்று இந்தக் கதை எங்குமே நடந்துகொள்ளவில்லை. 18,000 பலம் கொண்ட வெஜிட்டா பூமியையே பொடியாக்கிவிடுவேன் என்று ஆற்றல் வீச்சைத் தொடுக்கிறான். நிலாவைச் சிதறடிப்பதைவிடப் பூமியைச் சிதறடிக்க ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு ஆற்றல் வேண்டும். ஆனால் ரோஷியின் 139-க்கும் வெஜிட்டாவின் 18,000-க்கும் இடைவெளி 130 மடங்குதான். அதற்குப் பல ஆயிரம் மடங்கு மேலே போய்விட்ட பாத்திரங்கள்கூட, ஒருவரை ஒருவர் பாறைமேல் மோதவிட்டுப் பாறை நொறுங்குவதைத்தான் காட்டுகிறார்கள். ஸ்கவுட்டர் தருவது வகுப்பில் போடும் ரேங்க் மாதிரி. முதல் ரேங்க்காரன் இரண்டாம் ரேங்க்காரனைவிட முந்தியவன் என்று தெரியும், எத்தனை மதிப்பெண் முந்தினான் என்று தெரியாது.

எண் இல்லாத இடத்தில் ரசிகர்கள் சங்கிலி போடுவார்கள். அ, ஆவை அடித்தான். ஆ மலையைப் பெயர்த்தவன். எனவே அ மலையைப் பெயர்க்கக்கூடியவன், இ அவனை அடித்தால் இவனும் அப்படியே. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கதை இந்தச் சங்கிலியை அடிக்கடி அறுத்துப் போடும். யஜிரோபே என்ற சோம்பேறி வாள்வீரன், ஒப்பிடவே முடியாத உயரத்தில் இருக்கும் வெஜிட்டாவின் முதுகில் பின்னாலிருந்து வெட்டுகிறான். வெஜிட்டாவுக்கு உண்மையிலேயே காயம் படுகிறது. கோகுவின் சின்ன மகன் கோஹானுக்கு ஸ்கவுட்டர் ஒருமுறை 1 காட்டுகிறது. பயத்தில் அழும்போது 710 காட்டுகிறது, ராடிட்ஸ் கருவி பழுது என்று நினைக்கிறான். அப்பா அடிபடுவதைப் பார்த்துக் கோபத்தில் வெடிக்கும்போது 1,307. ஒரே நாளில், ஒரே பையனுக்கு. இதில் எதைச் சங்கிலியில் மாட்டுவது என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட விதி கிடையாது. தன் நாயகனுக்குச் சாதகமானதைச் சாதனை என்றும், பாதகமானதை எழுத்தாளரின் சறுக்கல் என்றும் ஒவ்வொரு தரப்பும் சொல்லும். இங்கேதான் வாக்குவாதம் உண்மையில் மாட்டிக்கொள்கிறது.

இப்படி ஒழுங்கற்று இருப்பதற்குக் காரணம் எழுதப்பட்ட விதம். ஜம்ப் வார இதழில் ஒவ்வொரு பிரதியோடும் வாசகர் அஞ்சலட்டை ஒன்று வரும். எந்தத் தொடர் பிடித்தது என்று வாசகர்கள் எழுதி அனுப்புவார்கள், பின்தங்கும் தொடர் நிறுத்தப்படும். வாரம் ஒரு அத்தியாயம் இந்த நெருக்கடியில் போகும்போது, வீழ்த்தப்பட்ட எதிரியைவிட அடுத்தவன் பெரியவனாக இருந்தே தீர வேண்டும். பல வருடங்களுக்குப் பிறகான கட்டத்தையும் இப்போதே அளவெடுத்து வைக்க முடியாது. பின்னாளில் ஆண்ட்ராய்டுகள் வரும் பகுதியில், தொரியாமாவின் முன்னாள் ஆசிரியர் கசுஹிகோ தோரிஷிமா, ஒரு கிழவனும் ஒரு குண்டனும் வில்லன்களா என்று கேட்டதால் வேறு இருவர் வந்தார்கள். அவர்களும் சிறுசுகளாக இருக்கிறார்கள் என்று சொல்லப்பட்டதால் செல் என்ற மூன்றாமவன் வந்தான். முக்கிய வில்லன் யார் என்பதே வாரப்போக்கில் மாறும் கதையில், பலத்தின் அட்டவணை முன்கூட்டியே இருந்திருக்க முடியாது.

1988-இல் 416-ஆக இருந்த கோகு, 1991-இல் ஃப்ரீசாவை எதிர்த்து சூப்பர் சயானாக மாறும்போது 15 கோடி என்று ரசிகர்கள் சொல்வார்கள். மூன்றரை லட்சம் மடங்கு. ஃப்ரீசாவின் முழு பலம் 12 கோடி. இந்த இரண்டு எண்களும் மங்காவில் இல்லை. தொடர் முடிந்த பிறகு, 1996-இல் வந்த டைசென்ஷூ என்ற கையேட்டு வரிசையின் ஏழாவது தொகுதியில் இருக்கின்றன. கையேடு கணக்கை நேர்த்தியாகவே போட்டிருக்கிறது. கோகுவின் இயல்பு பலம் 30 லட்சம், கையோகென் என்ற உத்தியால் 20 மடங்கு ஏற்றினால் 6 கோடி, அது ஃப்ரீசாவின் பாதிப் பலம். சூப்பர் சயான் 50 மடங்கு, ஆகவே 15 கோடி. ஆனால் இந்தக் கணக்கை மங்காவோடு சேர்த்துப் பார்த்தால் ஓர் ஓட்டை. சிறிது நேரத்துக்கு முன் கினியூவுடனான சண்டையில் கோகு எல்லாவற்றையும் திரட்டி ஏற்றியது 1,80,000-க்குத்தான். ஒரு சிகிச்சைத் தொட்டியிலிருந்து எழுந்து வந்ததும் இயல்பு பலமே 30 லட்சமாகிறது. சாவின் விளிம்பிலிருந்து மீளும் சயான் பலம் கூடும் என்ற விதி இருக்கிறது, எத்தனை மடங்கு என்ற விதி இல்லை. கதையின் தேவைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கூடும்.

கல்லூரி விடுதியில் இந்த வழக்கு நடந்தால் ஏறக்குறைய இப்படித்தான் போகும்.

“சைத்தாமா ஒரே குத்துல கோகுவை முடிச்சிருவான்டா.”

“மச்சான், கோகுவுக்குப் பதினஞ்சு கோடி. உன் ஆளுக்கு நம்பர் எங்க?”

“பதினஞ்சு கோடி மங்காவுலயே இல்லடா. புத்தகத்துல யாரோ எழுதினது.”

“அப்ப உன் ஆளு எவனை அடிச்சான்னு மட்டும் சொல்லு, வா.”

இருவரும் அறிவோடுதான் பேசுகிறார்கள். ஆனால் ‘ஒன் பஞ்ச் மேன்’ கதையில் எவரையும் ஒரே குத்தில் வீழ்த்துவதே சைத்தாமாவுக்குக் கொடுக்கப்பட்ட குணம், அவனுடைய எல்லையைக் கதை காட்டவே காட்டாது. கோகுவோ முதலில் தோற்று, பயிற்சி எடுத்து, அடுத்த முறை எல்லையைத் தாண்டுவதற்காகவே படைக்கப்பட்டவன். வெல்வதை விதியாகக் கொண்டவனையும், வளர்வதை விதியாகக் கொண்டவனையும் மோதவிட மூன்றாவது ஒரு கதை வேண்டும். அந்தக் கதையின் விதியை எழுதுவது யார் என்பதுதான் உண்மையான சண்டை. இரண்டு நண்பர்களுக்கும் அந்த உரிமை ஒரே அளவில் இருக்கிறது, அதனால்தான் விடிய விடியப் பேசுகிறார்கள்.

ஒரே கதைக்குள் பேசும்போதும் எந்தப் பதிப்பு என்பதில் கவனம் வேண்டும். ஆங்கிலம் பேசும் ரசிகர்களிடையே உலகப் புகழ்பெற்ற ஒரு வசனத்தில் கோகுவின் பலம் 9,000-ஐத் தாண்டிவிட்டது என்று வெஜிட்டா அலறுவான். ஜப்பானிய மூலத்தில் அந்த எண் 8,000. ஆங்கிலக் குரல்பதிவில் மாறிப்போன எண்ணை வைத்துப் பல ஆண்டுகள் கணக்குப் போட்டவர்கள் உண்டு.

ஃப்ரீசாவுக்குப் பிறகு மங்காவில் எண்கள் மங்கிப் போகின்றன. அதற்கான காரணமும் கதைக்குள்ளேயே இருக்கிறது. பூமிக்காரர்கள் தங்கள் பலத்தை ஒளித்தும் ஏற்றியும் பழகியவர்கள், ஸ்கவுட்டர் அவர்களிடம் பலமுறை ஏமாறுகிறது. எதிர்காலத்திலிருந்து வரும் ட்ரங்க்ஸைப் பார்த்து ஃப்ரீசாவின் படைவீரன் ஒருவன், பலம் வெறும் 5 என்று அலட்சியமாக அறிவிக்கிறான். ட்ரங்க்ஸ் சில நிமிடங்களில் அந்தக் கூட்டத்தையும் ஃப்ரீசாவையும் முடித்துவிடுகிறான்.

அடுத்த முறை யாராவது ஒரு பாத்திரத்தின் எண்ணைக் காட்டி வாதாடினால், இது மங்காவா, அனிமேவா, கையேடா, எந்த அத்தியாயம் என்று முதலில் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் மட்டும் சண்டைக்குப் போங்கள்.