கேட்காமலே கேட்கும் வாழ்த்து

தர்மபுரியில் எங்க அப்பாவை மாதம் ஒருமுறை சேலத்துக்கு டாக்டரிடம் கூட்டிப்போகும் கார் டிரைவர் ஒருவர் இருக்கிறார். சொந்த வண்டி, டி போர்டு. தீபாவளிக்கு நாலு நாள் முன்னாடி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பி, "சார், இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. எல்லா கஸ்டமருக்கும் அனுப்பணும்" என்றார்.

அவர் எழுதியிருந்தது இதுதான்:

"வணக்கம் சார். தீபாவளி நல்வாழ்த்துக்கள். வருஷம் முழுக்க ராத்திரி பகல் பாக்காம உங்களுக்காக வண்டி ஓட்டினேன். உங்களை மாதிரி நல்ல மனசுக்காரங்க ஆதரவுலதான் எங்க வீட்லயும் பண்டிகை. தீபாவளி அன்னைக்கும் வண்டி உண்டு. மறந்துடாதீங்க."

போன வருஷமும் கிட்டத்தட்ட இதையேதான் அனுப்பினாராம். அதுக்கப்புறம் ரெகுலராகக் கூப்பிடும் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார். பல மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, "உனக்கு எதுவும் செய்ய முடியலப்பா, அதான் கூப்பிடவே ஒரு மாதிரி இருந்துச்சு" என்றாராம். இவருக்கு ஒரே குழப்பம். "நான் காசே கேக்கலையே சார்!"

உண்மைதான். செய்தியில் காசு என்ற சொல்லே இல்லை. அப்புறம் வாத்தியாருக்கு மட்டும் எப்படிக் கேட்டது?

இதற்கு மொழியியலில் ஒரு தெளிவான விளக்கம் உண்டு. எச்.பி. கிரைஸ் என்ற தத்துவவாதி 1975-ல் வெளியான ஒரு கட்டுரையில் சொன்னது. பேசுகிறவர் தேவையான அளவுக்கு, சம்பந்தத்தோடுதான் பேசுவார் என்று நாம் எல்லோரும் எதிர்பார்க்கிறோம். தேவைக்கு மேல் ஒரு வாக்கியம் வந்தால் "இதை ஏன் இப்ப சொல்றார்?" என்று மனசு தானாகக் காரணம் தேடும். அப்படிக் கிடைக்கும் காரணம்தான் சொல்லாமல் சொன்ன பொருள். வாழ்த்துச் சொல்ல "தீபாவளி நல்வாழ்த்துக்கள்" போதும். ராத்திரி பகல் பார்க்காமல் ஓட்டியது அங்கே எதற்கு? நம்ம ஊரில் தீபாவளி சமயத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் தயாராக இருக்கும்: இனாம்.

அரபியிலிருந்து வந்த இந்தச் சொல் ஒரு காலத்தில் வரியில்லாமல் விடப்பட்ட மானிய நிலத்தைக் குறித்தது. இன்று பண்டிகைக்கு வாசலில் வந்து நிற்பவருக்குக் கொடுக்கும் காசு. இது நம்ம ஊர் வழக்கம் மட்டுமில்லை. அமெரிக்காவில் 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே, பேப்பர் போடும் பையன்கள் புத்தாண்டு அன்று வாழ்த்துப் பாட்டு ஒன்றை அச்சடித்து வீடு வீடாகக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அதை வாங்கினால் காசு கொடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சேவை செய்கிறவர் பண்டிகைக்கு வாழ்த்தினாலே இந்தப் பழக்கமும் கூடவே ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. அதனால் டிரைவர் குறிப்பு எதுவும் வைக்காமல் இருந்தால் மட்டும் போதாது. குறிப்பாக எடுத்துக்கொள்ள இடமே இல்லாதபடி எழுத வேண்டும்.

இன்னொன்று. நேராகக் கேட்டால் "இந்த மாசம் முடியலப்பா" என்று சொல்லிவிடலாம். குறிப்பாகக் கேட்டால் மறுக்கவும் வழியில்லை, ஏனென்றால் யாரும் எதையும் கேட்கவில்லையே! வாத்தியார் மாட்டிக்கொண்டது இங்கேதான். மறுக்க முடியாதவர் விலகிப்போனார். நஷ்டம் இரண்டு பேருக்கும்: இவருக்கு மாதம் ஒரு சவாரி போச்சு, அவர் வயசான காலத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறார்.

சரி, எப்படித் திருத்துவது? நான் வினைமுற்று விகுதியைப் பார்த்தேன். தமிழில் யார் செய்தார் என்பது வினையின் கடைசியிலேயே இருக்கும். "ஓட்டினேன்" என்றால் நான் செய்தேன், கடன் உங்கள் பக்கம். "பொறுத்துக்கிட்டீங்க" என்றால் நீங்கள் செய்தீர்கள், கடன் என் பக்கம். நன்றி சொல்லும் செய்தியில் கடன் எழுதுகிறவர் பக்கம்தான் இருக்க வேண்டும். அதனால் உழைப்பைச் சொல்லும் "-ஏன்" எல்லாவற்றையும் எடுத்தோம். "மறந்துடாதீங்க" என்ற ஏவலும் போனது. "எங்க வீட்லயும் பண்டிகை" என்பது குடும்பச் செலவை ஞாபகப்படுத்துவதால் அதுவும் போனது. "ஆதரவு" நல்ல சொல்தான், ஆனால் நன்கொடை நோட்டீஸ்களில் அடிபட்டு அடிபட்டு அதுக்குக் காசு வாசனை வந்துவிட்டது.

மிஞ்சியது வெறும் வாழ்த்து. அது கொஞ்சம் மொட்டையாக இருந்ததால், செய்தி வருவதற்கு வேறொரு நியாயமான காரணம் கொடுத்தோம்: லீவு அறிவிப்பு. இவரும் அந்த இரண்டு நாள் ஊருக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டுதான் இருந்தார்.

"வணக்கம் சார். உங்களுக்கும் வீட்டில் எல்லோருக்கும் தீபாவளி நல்வாழ்த்துகள். இன்னைக்கும் நாளைக்கும் வண்டி ஓடாது. நாளை மறுநாள் காலையிலிருந்து வழக்கம்போல் இருப்பேன்."

கடைசியில் அவர் பெயர். அவ்வளவுதான். எங்க அப்பாவுக்கு வந்ததில் மட்டும் ஒரு வரி கூடுதல்: "தொப்பூர்ல பஞ்சரானப்ப அரை மணி நேரம் பொறுமையா இருந்தீங்க, நன்றி." இந்த மாதிரி வரியை உண்மையில் நடந்திருந்தால் மட்டும், அந்த ஒருவருக்கு மட்டும் எழுத வேண்டும். எல்லோருக்கும் ஒரே நன்றி போனால் அது மறுபடி நோட்டீஸ் ஆகிவிடும்.

செய்திக்கு வெளியேயும் குறிப்புகள் ஒளிந்திருந்தன. அவருடைய வாட்ஸ்அப் படம் ஜிபே க்யூஆர் கோடு! சவாரிக் காசு வாங்க வசதி என்று வைத்திருந்தார். வாழ்த்துக்குப் பக்கத்தில் அது உண்டியல் மாதிரி இருந்தது. மாற்றி வண்டிப் படம் வைத்தார். அனுப்பும் நேரமும் முக்கியம். நாலு நாள் முன்னாடி என்றால் போனஸ் பேச்சு நடக்கும் நேரம். பண்டிகை அன்று காலையில் போனால் அது வாழ்த்து மட்டும்தான். லீவு விஷயம் முன்கூட்டியே தெரிய வேண்டியவர்களுக்கு, வாழ்த்து இல்லாமல் தனியாக ஒரு வரி அனுப்பிவிட்டார்.

குரூப் தொடங்காதீங்க என்றேன். ஒருவர் "பணம் அனுப்பிட்டேன்" என்று போட்டால் மற்றவர்கள் மாட்டிக்கொள்வார்கள், எல்லோர் நம்பரும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பிராட்காஸ்ட் லிஸ்ட் என்றால் ஒவ்வொருவருக்கும் தனியாகப் போகும். ஆனால் இவர் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். அது நல்லதுதான். நம்பர்கூட வைத்துக்கொள்ளாதவர் ரெகுலர் கஸ்டமர் இல்லையே.

கடைசியாக லிஸ்டைப் பார்த்தோம். அந்த வருஷம் துக்கம் நடந்த மூன்று வீடுகள் இருந்தன. அங்கே பண்டிகை கிடையாது, வாழ்த்தும் அனுப்பக்கூடாது. "அதுல ஒரு வீட்டுக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததே என் வண்டியிலதான் சார்" என்றார். மூன்று பெயரையும் எடுத்துவிட்டு, லீவு வரியை மட்டும் அனுப்பினார்.

இவ்வளவு செய்தும் சிலர் இனாம் கொடுத்தார்கள். அது அவர்கள் இஷ்டம், வாங்கிக்கொண்டார். வாத்தியாரிடமிருந்து வந்தது ஒரு வரிப் பதில்: "உனக்கும் வாழ்த்துகள்பா. பதினெட்டாம் தேதி சேலம் போகணும், காலையில ஆறு மணிக்கு வந்துடு."